பொருள் முந்துவது ஏன்?

ஸ்லைடில் குறள் மேலே, சொற்பிரிப்பு நடுவே, பொருள் கீழே இருக்கிறது. ஆனால் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் பொருளை முதலில் படிக்கிறது. ஏன்?

பவர்பாயின்டில் திரைவாசிப்பான் பெட்டிகளின் இடத்தைப் பார்ப்பதில்லை. அவை அடுக்கப்பட்ட வரிசையில்தான் படிக்கும். ஆசிரியர் பொருளை முதலில் தட்டச்சு செய்து, குறளைக் கடைசியில் சேர்த்திருந்தால் குறள் கடைசியில்தான் ஒலிக்கும்.

எப்படிச் சரிசெய்வது? Alt+F10 அழுத்தினால் பெட்டிகளின் பட்டியல் வரும். அதில் அடியில் இருப்பதே முதலில் படிக்கப்படும். ஆகவே குறளை அடியிலும், ‘யாது + எனின்’ போன்ற பிரிப்பை அதன் மேலும், பொருளை உச்சியிலும் வையுங்கள். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் மட்டும் கவனம்: வரிசை மாறும்போது ஒன்று மற்றதை மறைக்கலாம். பிறகு ஸ்லைடில் Tab விசையைத் தட்டிப் பாருங்கள். தேர்வு நகரும் வரிசையே வாசிப்பு வரிசை.