மீதிச் சில்லறை தராத மண்

மண் ஈரம் காட்டும் சென்சார் எதுவும் வாங்காமல், தினமும் எக்செலில் நாலு எண்ணைப் போட்டே கடலைக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்று முடிவு செய்யலாமா, வேருக்குக் கீழே வீணாக இறங்கும் தண்ணீரையும் அதே தாளில் பார்த்துவிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக. இரண்டாவதற்கு: பார்க்கலாம், ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒரே தாளில் ஒரு பத்தி நம்பகமாகவும் பக்கத்துப் பத்தி சந்தேகத்துக்கு உரியதாகவும் இருப்பது எப்படி? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். செயலி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழை பெய்து, வடிய வேண்டியது வடிந்தபின் மண்ணின் கன அளவில் 20 சதவீதம் தண்ணீர் நிற்கும். 10 சதவீதத்துக்கு இறங்கினால் செடி வாடிவிடும். இடைப்பட்டதுதான் பயிருக்கு உரியது. கடலை வேர் 60 செ.மீ. போயிருந்தால் அது 60 மி.மீ. தண்ணீர். அதில் பாதி, அதாவது 30 மி.மீ., குறையும்வரை கடலை சிரமமில்லாமல் குடிக்கும். அதற்குமேல் குறைந்தால் இலை தன் துளைகளை இறுக்கிக்கொள்ளும். பயிர் தினமும் எவ்வளவு குடிக்கிறது என்பதற்கு அன்றைய வானிலை தரும் ஆவியாதல் அளவைப் பயிர்க் குணகத்தால் பெருக்க வேண்டும். பூவும் விழுதும் இறங்கும் பருவத்தில் கடலைக்குக் குணகம் 1.15. வானிலைக் கணக்கு 5.2 என்று வந்தால் பயிர்ச் செலவு ஏறக்குறைய 6 மி.மீ.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் தார்ண்த்வைட்டும் மேத்தரும் 1955இலேயே மண் நீரை வரவு செலவாக எழுதிக் காட்டிவிட்டார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் அறிக்கை அதை நாள் கணக்காக ஒழுங்குபடுத்தியது. இன்று ‘ஸ்மார்ட் பாசனம்’ என்று கூவி விற்கப்படுவதில் பலவற்றின் வயிற்றிலும் அந்த அறிக்கையின் சமன்பாடுதான் இருக்கிறது.

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண்தான் கடைக்காரர். பயிர் தினமும் கடனுக்குத் தண்ணீர் வாங்குகிறது. வாங்கியது பற்றில் ஏறுகிறது. மழையும் பாசனமும் நாம் கட்டும் பணம். பற்று 30ஐத் தாண்டினால் கடைக்காரர் பொட்டலத்தைச் சிறிதாக்குவார். 60ஐத் தொட்டால் கடையை அடைத்துவிடுவார். பற்று பூஜ்யமானபின் மேலே எவ்வளவு கொடுத்தாலும் மீதிச் சில்லறை கிடையாது. கல்லாவில் போட்டுக்கொள்வார். ஆழ்வடிகால் என்பது அந்தச் சில்லறை. தாளில் இதற்கு மூன்று வரி போதும். B மழை, C பாசனம், D வானிலை ஆவியாதல், E குணகம், F பயிர்ச் செலவு, G பற்று, H வடிகால். E தவிர எல்லாம் மி.மீட்டரில்.

```
F3: =D3*E3*MAX(0,MIN(1,(60-G2)/30))
H3: =MAX(0,B3+C3-F3-G2)
G3: =G2-B3-C3+F3+H3
```

முழுதாக நனைந்த நாளில் G பூஜ்யம். அடுத்த நான்கு நாளில் 6, 12, 18, 24 என்று ஏறுகிறது. ஐந்தாம் நாள் 38 மி.மீ. மழை. அன்றைய செலவு 6ஐயும் சேர்த்தால் பற்று 30; அது தீர்ந்து 8 மி.மீ. கீழே இறங்கியது என்கிறது தாள். இப்போது குணகம் தப்பு, பயிர் உண்மையில் தினமும் 5தான் குடித்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பற்று 25, வடிந்தது 13. ஆனால் மழைக்குப்பின் பற்று எவ்வளவு? தப்பான கணக்கிலும் பூஜ்யம், சரியான கணக்கிலும் பூஜ்யம். ஐந்து நாள் பிழையும் அந்த ஒரு மழையில் பற்றுப் பத்தியிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் பிழை எங்கும் மறையவில்லை. முழுசாக நகர்ந்து வடிகால் பத்தியில் போய் உட்கார்ந்துகொண்டது. 8க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. மண் நிறையும்போதெல்லாம் பாசனக் கணக்கு புதுசாகப் பிறக்கிறது, வடிகால் கணக்கோ பருவம் முழுக்கக் குப்பையைச் சேர்த்துக்கொண்டே போகிறது. இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதனால் ‘இந்தப் பருவத்தில் 143 மி.மீ. வடிந்தது’ என்று ஒற்றை எண்ணைச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குணகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி ஒரு தாள், குறைத்து ஒரு தாள் போட்டுப் பார்த்து, இதிலிருந்து இதுவரை என்று சொல்வதே நேர்மை. ஒரே குணகத்தோடு இரண்டு பாசனப் பழக்கங்களை ஒப்பிடும்போது இந்தப் பத்தி நன்றாகவே உதவும். பற்று 30 இருக்கும்போது பாத்தி நிறைய 50 மி.மீ. விட்டால் 20 மி.மீ. கீழே போகும். ஏக்கருக்கு அது 80,000 லிட்டருக்கு மேல். கீழே போனது நம் கிணற்றுக்குத்தானே வரும் என்பார்கள். ஒரு பகுதி வரலாம், தாமதமாக. ஆனால் கரையும் உரத்தையும் கூட்டிக்கொண்டு போகும்; திரும்ப இறைக்க மோட்டாரும் ஓட வேண்டும். பாசன மின்சாரம் இலவசம் என்பதால் அந்தச் செலவு நம் கண்ணில் படுவதில்லை. கிணற்று நீர் உப்பாக இருந்தால் மட்டும், உப்பை வேருக்குக் கீழே தள்ளக் கொஞ்சம் வடிகால் வேண்டியதுதான்.

பாசனப் பத்தியில் பலரும் குத்துமதிப்பாக எழுதுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. 200 லிட்டர் பேரலைக் குழாய் வாயில் வைத்து நேரம் பாருங்கள். 25 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 28,800 லிட்டர். வாய்க்கால் கசிவைத் தள்ளிவிட்டால் ஏக்கருக்கு மணிக்கு 7 மி.மீ. பற்று 30ஐத் தீர்க்க நாலேகால் மணி நேரம்.

சென்சார் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சென்சார் தன்னைச் சுற்றியுள்ள ஒரு பிடி மண்ணை மட்டுமே அறியும். வேருக்குக் கீழே புதைத்தால் ஈரம் அங்கே வந்ததைச் சொல்லும், எத்தனை மி.மீ. கடந்து போனது என்று சொல்லாது. அதைத் தணிக்கையாளராக வைத்துக்கொள்ளலாம், கணக்குப்பிள்ளையாக வேண்டாம். தணிக்கை அவசியமாகும் இடமும் ஒன்று உண்டு. சொட்டுநீரில் தினமும் சிறுகச் சிறுக விடும்போது மண் முழுதாக நிறைவதே இல்லை. துடைப்பதற்கு மழையும் இல்லாவிட்டால் தினம் 1 மி.மீ. பிழை இருபது நாளில் 20 மி.மீ. ஆகிவிடும். சென்சார் இல்லையென்றால் மண் துளைப்பானால் 30 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். பற்று 28 என்று தாள் சொல்ல, மண் உருண்டையாகத் திரண்டு உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால், தாளைத் திருத்த வேண்டும்.

பற்று நோட்டு உவமை பிசகும் இடங்களும் உண்டு. கடைக்காரர் சில்லறையை உடனே கல்லாவில் போடுவதில்லை. ஒன்றிரண்டு நாள் மேசைமேலேயே கிடக்கும். அதற்குள் பயிர் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே நாளில் வடித்துவிடும் தாள், வடிகாலைச் சற்றுக் கூட்டியே காட்டும். கரிசலில் கதை தலைகீழ். வெடிப்பு விட்ட காய்ந்த கரிசலில் கனமழை பெய்தால் தண்ணீர் வெடிப்பு வழியே நேராகக் கீழே ஓடிவிடும், மேல் மண் நனைவதற்கு முன்பே. பற்று 40 இருந்தது, 35 பெய்தது, வடிகால் பூஜ்யம் என்று தாள் எழுதும். அங்கே வடிகால் பத்தி மட்டுமல்ல, பற்றுப் பத்தியும் பொய்யாகிவிடும். மண் நிறையாமலே தண்ணீர் போய்விட்டதே. வெடிப்பு மூடும்வரை கரிசலுக்கு இந்த மூன்று வரிகள் பொருந்தா.