மாடி கட்டிய செலவும் மூலதன ஆதாய வரியும்

வீட்டை விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் வருவதுதான் லாபம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். இந்திய வருமானவரிச் சட்டம் சொல்லும் கணக்கில் இன்னொரு கழிவும் உண்டு. வாங்கிய பிறகு அந்தச் சொத்தில் செய்த மேம்பாட்டுச் செலவு அது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்படி, விற்பனைத் தொகையிலிருந்து விற்பதற்கான செலவையும் வாங்கிய அடக்கத்தையும் மேம்பாட்டுச் செலவையும் கழித்த பிறகு எஞ்சுவதே மூலதன ஆதாயம். தரகு விற்பதற்கான செலவில் வரும். பத்திரப்பதிவுக்குக் கட்டிய முத்திரைத்தாள் கட்டணம் அடக்கத்தில் வரும். இவ்விரண்டையும் யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது, பதினைந்து வருடம் முன்பு கட்டிய மாடிதான்.

மேம்பாட்டுச் செலவு என்பதைச் சட்டம் 55-ஆவது பிரிவில் வரையறுக்கிறது. சொத்து கைக்கு வந்த பிறகு அதில் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கவோ, இருப்பதை மாற்றி அமைக்கவோ செய்த மூலதனச் செலவு அது. மாடி எழுப்பியது, அறை கூட்டியது, காம்பவுண்டு சுவர் கட்டியது, போர்வெல் போட்டது, ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டது எல்லாம் இதில் அடங்கும். பொங்கலுக்கு அடித்த வெள்ளையும், ஒழுகிய இடத்துக்குப் பூசிய பூச்சும், பழுதான குழாயை மாற்றியதும் அடங்காது. அவை சொத்து இருந்தபடியே இருக்க உதவும் பராமரிப்புச் செலவுகள். வாடகை வீடாக இருந்தால் இத்தகைய செலவுகளுக்கு ஈடாகத்தான் வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைச் சட்டம் ஏற்கெனவே கழித்துக்கொள்ள விடுகிறது. சோபா, கட்டில், ஜன்னல் ஏசி போன்றவை கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பொருள்கள் என்பதால் அவையும் வெளியே நிற்கும். சுவரோடு பதித்த சமையலறை அலமாரிகள் போன்றவற்றில் வாதத்துக்கு இடமுண்டு. வீட்டோடு நிலையாகச் சேர்ந்ததா, அதனால் வீடு முன்பிருந்ததைவிட வேறானதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பெரும்பாலான செலவுகள் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துவிடும்.

வாங்கிய கையோடு, குடியேறுவதற்கு முன் செய்யும் பெரிய வேலைகள் ஒரு தனி ரகம். தரை போடாமலும் மின்கம்பி இழுக்காமலும் விற்கப்பட்ட வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாக்க ஆன செலவை அடக்கத்தின் பகுதியாகவே தீர்ப்பாயங்கள் ஏற்ற சந்தர்ப்பங்கள் உண்டு. எந்தத் தலைப்பில் சேர்த்தாலும் ஆதாயத்திலிருந்து கழிவது உறுதிதான்.

கணக்கில் இந்தச் செலவு எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைப் பார்க்க, கோவையின் புறநகரில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். 2004-05 நிதியாண்டில் தரைத்தளம் மட்டும் இருந்த அந்த வீடு, பத்திரச் செலவும் சேர்த்து 12 லட்சத்துக்கு வாங்கப்பட்டது. 2009-10-இல் 8 லட்சம் செலவழித்து மாடி கட்டப்பட்டது. 2025-26-இல் வீடு 95 லட்சத்துக்கு விலைபோனது. தரகுக்குப் போன 1 லட்சத்தைக் கழித்தால் உரிமையாளரின் கையில் நிற்பது 94 லட்சம்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். பணவீக்கத்துக்கு ஏற்ப அடக்கத்தை உயர்த்திக்கொள்ளும் சலுகை இதில் இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நிலமோ கட்டடமோ வாங்கிய, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் கூட்டுக்குடும்பத்துக்கும் ஒரு காப்பு வைக்கப்பட்டிருக்கிறது. அடக்கத்தைப் பணவீக்கக் குறியீட்டெண்ணால் உயர்த்தி, மீதிக்கு 20 சதவீதம் கட்டும் பழைய முறையில் வரி குறைவாக வந்தால், அதற்கு மேல் கட்டவேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் இரு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது.

மாடிச் செலவைக் காட்டாமல் விட்டால் என்ன ஆகும்? 12.5 சதவீத வழியில் 94 லட்சத்திலிருந்து 12 லட்சம் போக 82 லட்சம் ஆதாயம். வரி 10,25,000 ரூபாய். பழைய வழியில் 12 லட்சத்தை, விற்ற ஆண்டின் குறியீட்டெண்ணான 376-ஆல் பெருக்கி, வாங்கிய ஆண்டின் 113-ஆல் வகுத்தால் 39,92,920 வரும். மீதி 54,07,080-க்கு 20 சதவீதம் என்றால் 10,81,416. இரண்டில் புதிய வழியே மலிவு என்று முடிவாகும்.

மாடியைச் சேர்த்தால் கணக்கு தலைகீழாகிறது. அந்த 8 லட்சத்தை உயர்த்தும்போது வீடு வாங்கிய ஆண்டின் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது; செலவு நடந்த 2009-10-இன் எண்ணான 148-ஐத்தான் எடுக்கவேண்டும். 8 லட்சம் அப்போது 20,32,432 ஆகிறது. உயர்த்திய இரு தொகைகளையும் கழித்தால் மிஞ்சும் ஆதாயம் ஏறத்தாழ 33.75 லட்சம், 20 சதவீத வரி 6,74,930. புதிய வழியில் 12 லட்சத்தோடு 8 லட்சம் மட்டும் கழிந்து, 74 லட்சத்துக்கு 9,25,000 வரும். இப்போது பழைய வழியே மலிவு. மாடியைக் காட்டாதவர் கட்டுவது 10.25 லட்சம், காட்டியவர் கட்டுவது 6.75 லட்சம். நான்கு சதவீதக் கூடுதல் வரியையும் கூட்டினால் இடைவெளி 3.6 லட்சத்தைத் தாண்டும். முதலில் மாடியை விட்டுவிட்டு எந்த வழி லாபம் என்று முடிவுகட்டுவது, வரியில் மட்டுமல்லாமல் வழியைத் தேர்வதிலும் தவறில் முடியும்.

இந்த உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் அந்தக் காப்பு அவருக்குக் கிடையாது. மாடிச் செலவைக் கழிக்கலாம், ஆனால் உயர்த்தாமல். வரி 9,25,000-இல் நிற்கும். வாங்கி 24 மாதம் ஆவதற்குள் விற்றாலும் இதே நிலைதான். செலவு கழியும், குறியீட்டெண் உதவாது, ஆதாயம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான அடுக்கு விகிதத்தில் வரிக்கு உள்ளாகும்.

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துகளில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இவற்றுக்கு வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். நிலம், கட்டடம் என்றால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. ஆனால் மேம்பாட்டில், அந்தத் தேதிக்குப் பிறகு செய்ததே கணக்கில் வரும். 1994-இல் கட்டிய மாடிக்கு எத்தனை பில் வைத்திருந்தாலும் பயனில்லை. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் 2001-இல் அந்த வீட்டை மதிப்பிட்டவர் மாடியோடு சேர்த்துத்தான் மதிப்பிட்டிருப்பார்; அதே மாடியை மறுபடியும் கூட்டினால் ஒரு செலவு இருமுறை கழியும்.

அப்பாவிடமிருந்து வாரிசாகவோ, உயிலாலோ, தானப் பத்திரத்தாலோ வந்த சொத்தில், அப்பா செய்த மேம்பாடும் மகனுடைய கணக்கில் சேரும். மகன் ஒரு ரூபாயும் போடவில்லை என்பது தடையாகாது. முந்தைய உரிமையாளரின் அடக்கத்தையே சட்டம் இவருக்கும் தருகிறது. அப்பாவின் காலத்துப் பழைய நகராட்சி ரசீது, கட்டட அனுமதிக் கடிதம் போன்றவற்றைத் தூக்கி எறியாமல் இருக்க இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கடன் விஷயத்தில் இந்த எல்லை நுட்பமாகிறது. 1997-இல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த இரு வழக்குகளில் இதைப் பேசியது. சொத்து வருமுன்பே முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன அடமானத்தை வாரிசு மீட்டால், அந்தத் தொகை அவருடைய அடக்கத்தில் சேரும். முழு உரிமையைப் பெறுவதற்கான விலையாக அது பார்க்கப்பட்டது. தன் வீட்டைத் தானே அடமானம் வைத்து, விற்கும்போது அதை மீட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் வாங்கிய கடனைத்தான் திருப்பிக் கட்டினார். வீட்டுக்கு அதனால் எதுவும் கூடவில்லை.

வீட்டுக்கடன் வட்டியையும் சிலர் அடக்கத்தில் கூட்டிவந்தார்கள். ஆண்டுதோறும் வீட்டு வருமானத்தில் வட்டியைக் கழித்துக்கொண்டு, விற்கும்போது அதே வட்டியை அடக்கத்திலும் சேர்ப்பது ஒரே பணத்துக்கு இரு சலுகை. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதை வெளிப்படையாகத் தடுத்தது. 2023-24 நிதியாண்டு முதல், ஏற்கெனவே கழிவு பெற்ற வட்டியை வாங்கிய அடக்கத்திலோ மேம்பாட்டுச் செலவிலோ சேர்க்க முடியாது.

எல்லாம் சொன்ன பிறகும், மேம்பாட்டுச் செலவு நிலைத்து நிற்பது காகிதத்தில்தான். மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் சனிக்கிழமைதோறும் ரொக்கமாகக் கூலி கொடுத்து மாடி கட்டுவது நம் வழக்கம். அதற்கு ரசீது இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் மறைமுகச் சான்றுகளே கைகொடுக்கும். மாடிக்கான கட்டட அனுமதி, வேலை முடிந்ததும் சதுர அடி கூடி மாற்றியமைக்கப்பட்ட சொத்துவரி, மாடிக்கு வாங்கிய தனி மின் இணைப்பு, சிமெண்டும் கம்பியும் வாங்கிய கடையின் பில், அந்த மாதங்களில் வங்கியிலிருந்து எடுத்த பணம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தினால் கதை நிற்கும். வாங்கிய பத்திரத்தில் 800 சதுர அடி, விற்ற பத்திரத்தில் 1,600 சதுர அடி என்று இருந்தால், இடையில் ஏதோ கட்டப்பட்டது என்பதை மறுப்பது கடினம். எவ்வளவு செலவானது என்பதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை துணை செய்யும். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த அறிக்கை சொல்லாது. அந்தக் கேள்விக்கு வங்கிக் கணக்கோ கடன் ஆவணமோதான் பதில்.

விற்பதற்குச் சில வாரம் முன்பு, ஒரே கையெழுத்தில், அடுத்தடுத்த எண்களோடு எழுதப்பட்ட ரொக்க பில்கள் வரி அதிகாரியின் கண்ணில் உடனே படும். கட்டிய ஆண்டிலேயே சொத்துவரி மாறாமல், பில்லில் மட்டும் மாடி இருந்தாலும் சந்தேகம் எழும். பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக வேலை செய்தவர்கள் எல்லாவற்றையும் கடைசி ஆண்டில் ஒரே தொகையாகக் காட்டுவதும் தவறு. ஒவ்வொரு ஆண்டின் செலவுக்கும் அந்தந்த ஆண்டின் குறியீட்டெண் உண்டு என்பதால், முற்பட்ட ஆண்டுச் செலவைப் பிற்பட்ட ஆண்டில் தள்ளுவது உரிமையாளருக்கே நஷ்டம். வருமானவரி விவர அறிக்கையின் மூலதன ஆதாயப் பகுதியில் மேம்பாட்டுத் தொகையை, அது செலவான ஆண்டோடு சேர்த்தே நிரப்பவேண்டும்.