விட்டுவந்த அலுவலகம் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறதா?

சுற்றிவிட்டுக் கடைசியில் வருகிறார்கள்

நெஞ்சு இறுக்கம் என்று முதலில் இதய மருத்துவரிடம் போகிறார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு வயிற்றெரிச்சல் என்று எண்டோஸ்கோபி, அதிலும் ஒன்றுமில்லை. தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஓட்டுகிறார்கள். அதற்கும் பிறகுதான் மனநல மருத்துவரிடம் வருகிறார்கள். பேச ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் பேச்சு ஒரு பழைய அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டால், "அது ஆச்சு டாக்டர், மூணு வருஷம்" என்கிறார்கள். சொல்லும்போது குரல் நடுங்குகிறது.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 43. ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸில் 11 வருடம் வேலை பார்த்தவர். இருப்புக் கணக்கு உதைத்தபோது, இவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் முன்னாலேயே மேலாளர் இவரைத் திருடனைப் போல விசாரித்தார். வேறொருவர் பதிவு செய்ததில்தான் தவறு என்று பின்னர் தெரிந்தது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. இவர் வேலையை விட்டுவிட்டார். இப்போது இருப்பது நல்ல இடம், சம்பளமும் கூடுதல். ஆனாலும் ஒவ்வொரு இரவும் அந்த விசாரணை மறுபடி நடக்கிறது. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இவர் சொல்கிறார், மேலாளர் மறுக்கிறார், இவர் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார். "பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பார், கூப்பிட்டா காதுலயே விழாது" என்றார் மனைவி.

நம்பக் கூடாத நான்கு நம்பிக்கைகள்

"காலம் ஆற்றிவிடும்." தொடாமல் விட்டால் ஆற்றும்தான். தினமும் மனதுக்குள் அந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தால், உடலுக்கு அது இன்று நடக்கும் சண்டை. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, தூக்கம் கலைகிறது. அவமானம் நடந்தது அரை மணி நேரம். உடல் அதைச் சுமந்தது மூன்று வருடம்.

"யாரிடமாவது கொட்டித் தீர்த்தால் சரியாகும்." ஒருமுறை மனம்விட்டுச் சொல்வது நல்லது. அதையே தினம் சொல்வது தீங்கு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். சும்மா உட்கார வைக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் நடப்பதும் இதுதான். ஒருவர் அந்த மேலாளரைப் பற்றி ஒரு வரி போடுகிறார், ஆறு பேருக்கு அன்றைய தூக்கம் போகிறது.

"நினைக்கவே கூடாது என்று உறுதி எடுத்தால் போதும்." குடும்பத்தார் அதிகம் சொல்லும் அறிவுரை இது; நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சிலரிடம் சொல்லி டேனியல் வெக்னர் 1987இல் செய்த ஆய்வில், அவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடையை நீக்கியதும் கரடி முன்னைவிட அதிகமாக வந்தது. அழுத்தி வைத்த எண்ணம் திரும்பி வரும்போது, "இதைக்கூட என்னால் விட முடியவில்லையே" என்ற குற்ற உணர்வையும் கூட்டி வருகிறது.

"விட்டுவிட்டால் அவர் செய்தது சரி என்றாகிவிடும்." பலர் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் கோபம் தனக்கு நடந்த அநியாயத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. நடந்தது அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. முதல் நாளே அதை அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரைச் சந்திக்க வேண்டாம், கைகுலுக்க வேண்டாம், மன்னித்தேன் என்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம். தினமும் அவருக்கு ஒதுக்கும் நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மாத்திரையை யார் எழுதிக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "தெரிஞ்ச மெடிக்கல்ல கேட்டேன்." அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்குவதும் தவறு, விற்பதும் தவறு. சில வாரங்களிலேயே உடல் அவற்றுக்குப் பழகிவிடும், அதே தூக்கத்துக்கு அளவு கூடிக்கொண்டே போகும். பழைய வேலையின் கசப்பு அப்படியே இருக்க, மாத்திரைப் பழக்கம் தனி நோயாகச் சேர்ந்துகொள்ளும். நம் நூற்பாலை ஊழியர் அரை மாத்திரையில் ஆரம்பித்து இரண்டுக்கு வந்திருந்தார். "ராத்திரி ஒரு ரெண்டு பெக்" என்று நண்பர்கள் சொல்லும் வைத்தியம் இதோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே மாத்திரையைச் சட்டென நிறுத்திவிடவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பரிசோதனை

பழைய வேலைதான் காரணம் என்று முடிவு கட்டுமுன், வேறு காரணம் உண்டா என்று ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்ப்போம். மனச்சோர்வு இருக்கிறதா என்று கேள்விகள் கேட்போம்.

என்ன செய்தோம்

நூற்பாலை ஊழியரிடம், ஒரு வாரம் அந்த நினைவு எப்போதெல்லாம் வருகிறது, அதற்குச் சற்றுமுன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மட்டும் குறித்து வரச் சொன்னேன். நாள் முழுக்க வருகிறது என்றுதான் அவர் நம்பியிருந்தார். குறிப்பில் இருந்தவை மூன்று நேரங்கள்: காலையில் ஆலைப் பேருந்து தன் வண்டியைக் கடக்கும்போது, இரவு வாட்ஸ்அப் குழுவைத் திறக்கும்போது, படுத்தபின். குழுவிலிருந்து வெளியேறினார். வேறு தெருவழியாகப் போகத் தொடங்கினார்.

அடுத்து, உண்மையிலேயே முடியாமல் நிற்பது ஏதாவது உண்டா என்று பார்த்தோம். இருந்தது. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்ற வீம்பில் கிராஜுவிட்டியையும் அனுபவச் சான்றிதழையும் கேட்காமலே இருந்தார். நேரில் போக வேண்டாம், பதிவுத் தபாலில் கேளுங்கள், தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது என்றேன். இரண்டு மாதத்துக்குள் பணம் வந்தது. சான்றிதழில் அவருடைய 11 வருட வேலை மரியாதையாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதைக் கையில் வாங்கிய வாரத்தில்தான் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன் என்றார்.

மிச்சமிருந்தது படுக்கையில் ஓடும் விசாரணை. அது "அவர் ஏன் அப்படிச் செய்தார்?" என்ற கேள்வியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் இவரிடம் இல்லாததால் அது முடிவதுமில்லை. மாலை ஆறரைக்கு, படுக்கையறைக்கு வெளியே, 20 நிமிடம் மட்டும் உட்கார்ந்து எழுதச் சொன்னேன். 'ஏன்' கூடாது. அன்று யார் என்ன சொன்னார்கள், அடுத்து என்ன நடந்தது, இப்போது நான் செய்யக்கூடியது என்ன, இவ்வளவுதான். மற்ற நேரத்தில் நினைவு வந்தால் ஒரு சொல் குறித்துக்கொண்டு ஆறரைக்குத் தள்ளிவைக்க வேண்டும். படுத்து 20 நிமிடம்போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். நான்காவது வாரம், எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை என்று நோட்டைக் காட்டினார். யோசனையா, வெறும் சுழற்சியா என்று கண்டுபிடிக்க இதுவே வழி. சிறிது நேரம் யோசித்தபின் புதிய தகவலோ முடிவோ கிடைத்திருந்தால் அது யோசனை. பழைய வசனமே மறுபடி வந்திருந்தால் அங்கேயே எழுந்துவிடலாம்.

நினைவு அடியோடு போய்விடவில்லை. புதிய முதலாளி குரலை உயர்த்திய ஒரு நாளில் முழுவதுமாகத் திரும்பி வந்தது, இரண்டு நாளில் தணிந்தது. தணிக்கத் தெரிந்துவிட்டது என்பதே அவருக்குக் கிடைத்த குணம்.

எல்லோருக்கும் இது போதாது. பெர்லின் மனநல மருத்துவர் மைக்கேல் லிண்டன், ஜெர்மனி 1990இல் இணைந்தபின் வேலையும் மதிப்பும் இழந்து வருடக்கணக்கில் கசப்பில் முடங்கியவர்களைக் கவனித்து, 2003இல் அதைத் தனிக் கோளாறாகவே விவரித்தார். அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்களில் அது இடம்பெறவில்லை என்றாலும், அப்படி முடங்கியவர்களை நாங்களும் பார்க்கிறோம். அவர்களுக்கு மாதக்கணக்கில் உளவியல் சிகிச்சை தேவை. பாலியல் தொல்லைக்கோ தாக்குதலுக்கோ ஆளாகி, அந்தக் காட்சி கனவிலும் வருகிறவர்கள் தாங்களாகவே உட்கார்ந்து எழுத வேண்டாம். நேராக மருத்துவரிடம் வாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மூன்று வருடம் காத்திருக்காதீர்கள். வேலையை விட்ட ஒரு மாதத்துக்குள் பிஎஃப், சான்றிதழ், வரவேண்டிய பணம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு முடித்துவிடுங்கள். குழுக்களிலிருந்து வெளியே வாருங்கள். வாரத்தில் பாதி நாள் தூக்கம் கெட்டால், பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தால், மாத்திரைப் பட்டையைத் தேடிக் கை போனால், அப்போதே வாருங்கள். உயிரை விடலாம் என்றோ, அந்த ஆளை ஏதாவது செய்துவிடலாம் என்றோ ஒருமுறை தோன்றினாலும் அன்றே வாருங்கள். மருத்துவமனைக்கு வரக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர் கூப்பிட மறுத்தால், வீட்டில் இருக்கும் நீங்கள் கூப்பிடுங்கள்.