ஐந்து பேர் இருந்தும் ஆள் போதவில்லை

பட்டறையில் நான்கு வேலைகள், ஐந்து ஆட்கள். ஆளுக்கு ஒரு வேலைதான். வெல்டிங், லேத், பெயின்ட் மூன்றும் குமாருக்கும் செல்விக்கும் மட்டுமே தெரியும். மற்ற மூவருக்கும் தெரிந்தது வயரிங் மட்டும். மூன்று வேலைக்கு இரண்டே பேர். எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்று நின்றுவிடும்.

எந்த வேலைக் கூட்டத்தை எடுத்தாலும், அதில் ஏதாவதொன்றைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்தது அத்தனை பேர் இருக்க வேண்டும். இருந்தால் பங்கீடு நிச்சயம் உண்டு என்று 1935இல் பிலிப் ஹால் நிரூபித்தார். எனக்கு வியப்பு இந்தப் பாதியில்தான்.

நான்கு வேலைக்கு 15 கூட்டங்கள். இருபதுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். அதனால் ஒவ்வொன்றாக எண்ணாமல், ஆட்களைப் போட்டுக்கொண்டே போய், தடைப்பட்டால் முன்பு போட்டவரை இடம் மாற்றிப் பார்க்கிறார்கள். எல்லா மாற்றமும் தோற்றால், அந்தத் தேடலில் தொட்ட வேலைகளே ஆள் போதாத கூட்டம். இங்கே வயரிங்காரர் ஒருவர் பெயின்ட் கற்றால் போதும்.