அட்வான்ஸ் தகராறா? கேஸ் போடுமுன் பேச அழையுங்கள்



எங்கள் பகுதியில் நடந்தது இது. வாடகைக்கு இருந்தவரும் வீட்டுக்கார அம்மாவும் ஒரே குழு. வீட்டைக் காலி செய்தபோது 20,000 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பித் தருவதில் சண்டை வந்துவிட்டது. "மூணு மாச வாடகை 6,000, கரண்டு பில் 800, வெள்ளையடிக்க 6,000. போக 7,200தான் தருவேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. "ஒரு மாச வாடகை 2,000தான் பாக்கி, 18,000 வரணும்" என்றார் மற்றவர். ரசீது கிடையாது. குழுக் கூட்டத்துக்கே இரண்டு பேரும் வருவதில்லை.

தலைவி பேசிப் பார்த்தார். ஆனால் அவர் ஒருவருக்கு உறவுக்காரர் என்பதால் இன்னொருவர் நம்பவில்லை. பிறகு தாலுகா கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனார்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. வெள்ளைத்தாளில் இருவர் பெயர், முகவரி, அட்வான்ஸ், வாடகை விவரம் எழுதி, "வழக்கு போடாமல் பேசித் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று மனு கொடுத்தால் போதும். "ஏமாற்றிவிட்டார்" என்றெல்லாம் எழுத வேண்டாம்.

அங்கிருந்து எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். காரியம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டாளே!" என்று கோபம் தலைக்கேறிவிடும். அதனால் தபால் வருமுன்பே பொதுவான ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள்: "இது கேஸ் இல்லை. பேசக் கூப்பிடுறாங்க. உங்க கணக்கு நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

சமரசம் செய்பவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். முதலில் சேர்த்து வைத்தும் பிறகு தனித்தனியாகவும் கேட்பார். தனியாகப் பேசியபோதுதான், அட்வான்ஸ் பணம் மோட்டார் ரிப்பேருக்குச் செலவாகிவிட்டது தெரிந்தது. கையில் காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் கணக்கை ஏற்றிச் சொன்னாராம். பிற்பாடு அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னது இது.

நோட்டைப் பார்த்ததில் வாடகை பாக்கி இரண்டு மாதம், 4,000. கரண்டு 800. வெள்ளையடிக்க 2,000 கொடுக்கச் சம்மதம். ஆக 6,800 கழித்து 13,200 திருப்பித் தரவேண்டும். அன்றே 7,200, மீதி 6,000 தை மாதம் என்று முடிவானது.

இதை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவானால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே தொகை, தேதி இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் போடவேண்டாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

எதிர்த்தரப்பு வராவிட்டாலோ, பேச்சு முறிந்தாலோ, வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீரை, கரண்டை நிறுத்திவிட்டார், சாமானை வெளியே எறிந்துவிட்டார் என்றால் பேச்சுத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அதே அலுவலகத்தில் இலவச வக்கீல் கேளுங்கள். நேரில் போகமுடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.