காலடியில் தரை இல்லாத ஆட்டம்

அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைத் தழுவிச் சென்று பூவாற்றில் கடலோடு கலக்கிறது. அதன் கரையிலும் பாறசாலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் குளக்கரைகளிலும் வளரும் சிறுவர் சிறுமியர் பலர் நீந்தத் தெரிந்தவர்கள். குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்வது அவர்களுக்கு எளிது. ஆனால், "குளத்தின் நடுவே ஒரே இடத்தில் நில், இரண்டு கைகளையும் நீருக்கு மேலே தூக்கிக் காட்டு" என்றால், அவர்களிலும் பலர் சில நொடிகளில் மூழ்கத் தொடங்குவர்.

முன்னோக்கி நீந்துவது ஒரு திறன். நின்ற இடத்திலேயே தலையை நீருக்கு மேல் நிறுத்துவது வேறொரு திறன். இரண்டாவதை நிலைநீச்சல் என்பர். வாட்டர் போலோ என்னும் ஆட்டம் முழுவதும் இந்த நிலைநீச்சலின் மீதே கட்டப்பட்டுள்ளது.

ஆட்டத்தின் அமைப்பு

ஓர் அணிக்கு எழுவர் நீரில் இறங்குவர். அவர்களுள் ஒருவர் இலக்குக் காவலர். ஓர் அணியினர் வெள்ளைத் தொப்பியும் மற்றோர் அணியினர் நீலம் போன்ற அடர்நிறத் தொப்பியும் அணிவர். காவலர் இருவருக்கும் சிவப்புத் தொப்பி. தொப்பியின் இருபுறமும் காதைக் காக்கும் மூடி இருக்கும். இலக்குச் சட்டம் 3 மீட்டர் அகலம் உடையது. அதன் மேற்கட்டை நீர்மட்டத்திலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எட்டு நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

குளத்தின் ஆழம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. உயரமான ஆட்டக்காரரின் காலுக்கு அடித்தளம் எட்டினாலும், அதில் ஊன்றி ஆடுவது தவறாகும். காவலருக்கு மட்டும் தம் இலக்கின் அருகே அவ்வாறு ஊன்றவும், பந்தை இரு கைகளாலும் பிடிக்கவும் இசைவு உண்டு. மற்ற அறுவரும் பந்தை ஒரு கையால் மட்டுமே பிடிக்கவும் எறியவும் வேண்டும்.

இந்தியாவில் இவ்வாட்டத்திற்கு நெடிய வரலாறு உண்டு. 1951ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆடவர் அணி வாட்டர் போலோவில் தங்கம் வென்றது. 1970இல் வெள்ளியும் 1982இல் வெண்கலமும் கிடைத்தன. 2015ஆம் ஆண்டு கேரளத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, நீர் விளையாட்டுகளுக்குத் திருவனந்தபுரத்தின் வடக்கே உள்ள பிரப்பன்கோடு நீச்சல் வளாகம் களமாக அமைந்தது.

கால்களால் தரை செய்தல்

தரையில் ஆடுபவருக்கு நிலம் ஊன்றுகோலாகிறது. நீரில் ஆடுபவர் அந்த ஊன்றுகோலைத் தம் கால்களாலேயே ஒவ்வொரு நொடியும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குரிய காலசைவை எக்பீட்டர் உதை என்பர். முட்டை அடிக்கும் கைக்கருவியில் இரண்டு கம்பிச் சுருள்கள் எதிரெதிர்த் திசையில் சுழல்வதைப் போலக் கால்களும் சுழல்வதால் இப்பெயர் வந்தது.

இவ்வுதையில் உடல் நாற்காலியில் அமர்ந்திருப்பதைப் போன்ற நிலையில் இருக்கும். முதுகு நிமிர்ந்தும், முழங்கால்கள் தோளைவிடச் சற்று அகன்றும், தொடைகள் முன்னோக்கி உயர்ந்தும் இருத்தல் வேண்டும். வலக்கால் இடஞ்சுழியாகவும் இடக்கால் வலஞ்சுழியாகவும் வட்டமிடும். பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தால், உள்ளங்காலும் கெண்டைக்காலின் உட்புறமும் நீரைக் கீழ்நோக்கி அழுத்தும். நீர் கீழே தள்ளப்படும்போது உடல் மேலே தள்ளப்படுகிறது.

இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் உதைக்கக் கூடாது. ஒரு கால் நீரை அழுத்தும்போது மற்றொரு கால் மேலே திரும்பி வர வேண்டும். இதுவே இவ்வுதையின் உயிர்நாடி. தவளையைப் போல இரு கால்களையும் சேர்த்து உதைத்தால், உதைக்கும் நொடியில் உடல் எழும். கால்களை மடக்கும் நொடியில் தாழும். தலை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தால் பந்தைக் குறிபார்த்து எறிய இயலாது. கால்கள் மாறி மாறிச் சுழலும்போது தாங்குவிசை இடைவிடாது கிடைப்பதால், தோள் ஒரே உயரத்தில் நிற்கும்.

தொடக்கத்தில் கரையின் விளிம்பில் அமர்ந்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியே சுழற்றிப் பழகுவர். அடுத்து, மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நீரில் இரு கால்களையும் மாற்றி மாற்றிச் சுழற்றுவர். பின்னர்ப் பலகையை விட்டுவிட்டு, உள்ளங்கைகளால் நீரை இருபுறமும் வருடியபடி நிற்பர். அது கைவந்தபின் மணிக்கட்டு வரையும், பிறகு முழங்கை வரையும் கைகளை நீருக்கு வெளியே தூக்குவர்.

பிழை எங்கே இருக்கிறது என்பதை உடலே காட்டிக்கொடுக்கும். தலை துள்ளித் துள்ளி எழுந்தால், இரு கால்களும் சேர்ந்து உதைக்கின்றன என்று பொருள். உடல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால், ஒரு கால் மற்றதைவிட வலுக்குறைந்து சுழல்கிறது. உடல் முன்னோக்கிச் சாய்ந்தால், தொடைகள் போதிய அளவு உயரவில்லை. முழங்காலின் உட்புறத்தில் வலி தோன்றினால், இடுப்பிலிருந்து சுழல வேண்டிய காலை முழங்காலிலிருந்து முறுக்குகிறார் என்பதற்கு அது அடையாளம். அப்போது பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். இப்பயிற்சியை எப்போதும் பயிற்சியாளர் கண்காணிக்கும் நீச்சல் குளத்திலேயே செய்ய வேண்டும். கால் சோர்ந்தால் பிடித்துக்கொள்ள ஆற்றின் நடுவே எதுவும் இராது.

எது தவறு?

நடுவரின் ஊதல் அடிக்கடி ஒலிப்பதால், முதன்முறை காண்பவர்க்கு இவ்வாட்டம் குழப்பமாகத் தோன்றும். ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டால் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடும். 'பந்து அவர் கையில் இருக்கிறதா?' என்பதே அக்கேள்வி.

பந்தைக் கையில் பிடித்திருப்பவரை எதிரணியினர் நெருக்கலாம், பற்றி இழுக்கலாம், நீருக்குள் அழுத்தவும் செய்யலாம். பந்து கையைவிட்டு நீங்கிய நொடியிலேயே அவ்வுரிமை மறைந்துவிடும். நீரில் மிதக்கும் பந்து எவ்வளவு அருகில் இருந்தாலும் அது 'பிடித்திருப்பது' ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வெள்ளைத் தொப்பி 3ஆம் எண்காரர் இலக்கின் முன்னே பந்தைப் பற்றியிருக்கிறார். நீலத் தொப்பி 5ஆம் எண்காரர் பின்னாலிருந்து அவர் தோளை அழுத்துகிறார். புதிதாக ஆட வந்தவர் பந்தை இறுகப் பற்றிக்கொள்வார். அழுத்தம் மிகும்போது அவர் கையோடு பந்தும் நீருக்குள் போகும். உடனே ஊதல் ஒலிக்கும். தாக்கப்படும்போது பந்தை நீருக்குள் கொண்டுசென்றது வெள்ளையின் தவறு; ஆகவே, பந்து நீலத்திற்குப் போகும். அழுத்தியவர் மீது குற்றம் இல்லை.

பழகிய ஆட்டக்காரர் அதே நொடியில் விரல்களை விரித்துப் பந்தை விட்டுவிடுவார். பந்து அவர் முன்னே மிதக்கும். நீலம் இப்போதும் தோளை அழுத்திக்கொண்டிருந்தால், பந்து இல்லாதவரை அழுத்தியதாகிவிடும். அது வெளியேற்றத்திற்குரிய பெருந்தவறு. நீலம் 5ஆம் எண்காரர் களத்தின் மூலையில் உள்ள மறுநுழைவு இடத்திற்குச் செல்ல வேண்டும். நெடுங்கால வழக்கப்படி 20 நொடி வரை, அவ்வணி ஒருவர் குறைவாக ஆட வேண்டியிருக்கும். அண்மைய பன்னாட்டு விதிகள் ஆட்டத்தின் கால அளவுகள் சிலவற்றைக் குறைத்துள்ளன. இவ்வாறு மூன்று பெருந்தவறுகள் செய்தவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க இயலாது.

பந்து இல்லாதவரின் வழியை மறிப்பது, பந்தை இரு கைகளாலும் தொடுவது, அடித்தளத்தையோ சுவரையோ உந்தி எழுவது ஆகியவை சிறுதவறுகள். இவற்றிற்கு எதிரணிக்குத் தடையற்ற எறிதல் கிடைக்கும். பந்து இல்லாதவரைப் பற்றுவது, மூழ்கடிப்பது, பின்னால் இழுப்பது, முகத்தில் வேண்டுமென்றே நீரை அடிப்பது ஆகியவை பெருந்தவறுகள். இலக்கின் அருகே, உறுதியாக விழவிருந்த கோலைத் தவறான முறையில் தடுத்தால், 5 மீட்டர் தொலைவிலிருந்து பெனால்டி எறிதல் வழங்கப்படும்.

ஏன் இவ்வளவு சோர்வு?

கால்பந்தாட்டத்தில் பந்து தொலைவில் இருக்கும்போது ஆட்டக்காரர் நின்று மூச்சு வாங்கலாம். அவர் எடையை நிலம் தாங்கிக்கொள்ளும். வாட்டர் போலோவில் 'சும்மா நிற்பது' என்பதே வேலை.

அவ்வேலையின் அளவை எளிய கணக்கால் அறியலாம். நீரில் அமிழ்ந்திருக்கும் உடலைப் பெரும்பாலும் நீரே தாங்கிவிடுகிறது. ஆனால் நீருக்கு மேலே தூக்கிய உறுப்பை நீர் தாங்காது. அதன் எடையைக் கால்கள்தாம் சுமக்க வேண்டும். 40 கிலோ எடையுள்ள ஒரு சிறுமியின் தலை ஏறத்தாழ 3 கிலோ. ஒரு கை ஏறத்தாழ 2 கிலோ. அவள் தலையை மேலே வைத்துப் பந்தெறியக் கையை உயர்த்தினால், 5 கிலோ அரிசிப்பையைக் காலசைவால் மட்டும் தூக்கி நிற்பதற்கு அது ஒப்பாகும். தோளும் மார்பும் எழுந்தால் சுமை இன்னும் கூடும். இதனால்தான் பந்தெறியும் நொடியில் மட்டும் உயர எழுந்து, மற்ற நேரத்தில் கழுத்தளவு நீரில் தங்குவது பழகியவர்களின் வழக்கம்.

வேறு காரணங்களும் உண்டு. பந்தைப் பார்க்கத் தலையை உயர்த்தி நீந்துவதால் இடுப்பு தாழ்ந்து, நீரின் தடை மிகுகிறது. மார்பைச் சுற்றியுள்ள நீர் அழுத்துவதால், மூச்சை இழுக்கும் தசைகளும் கூடுதலாக உழைக்கின்றன. ஊதல் ஒலித்ததும் ஆட்டக் கடிகாரம் நின்றுவிடும். கால்கள் நிற்க முடியாது. எனவே 32 நிமிட ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். நீரில் இருப்பவருக்கு வியர்ப்பது தெரியாது. ஆனாலும் உடல் நீரை இழப்பதால், இடைவேளைகளில் தண்ணீர் அருந்த வேண்டும்.

சோர்வு முதலில் கால்களிலேயே தெரியும். நீர்மட்டம் தோளிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து முகவாய்க்கும் ஏறும். கால்கள் தளர்ந்தவர் தம்மை அறியாமலே எதிரணியினரின் தோளைப் பற்றுவார். பெருந்தவறு அவர் கணக்கில் ஏறும். தேர்ந்த பயிற்சியாளர், முகவாய் நீரைத் தொடுவதைக் கண்டவுடனேயே ஆளை மாற்றிவிடுவார்.

சொற்பொருள்

நிலைநீச்சல் – நின்ற இடத்திலேயே மிதந்து நிற்றல்
இடஞ்சுழி – இடப்புறமாகச் சுழல்வது
முகவாய் – மோவாய்
இசைவு – அனுமதி

பயிற்சி

1. தவளையுதையைவிட எக்பீட்டர் உதை இவ்வாட்டத்திற்கு ஏற்றதாக இருப்பது ஏன்?
2. நீல அணியினர் ஒருவர் அழுத்தும்போது வெள்ளை அணியினர் பந்தை விட்டுவிடுவது எவ்வாறு நன்மையாகிறது?
3. தலை துள்ளுதல், உடல் திரும்புதல் ஆகிய இரண்டும் எந்தெந்தப் பிழைகளைக் காட்டுகின்றன?
4. 50 கிலோ எடையுள்ளவரின் தலை ஏறத்தாழ 4 கிலோ, ஒரு கை இரண்டரைக் கிலோ எனில், இரு கைகளையும் உயர்த்தும்போது கால்கள் சுமக்கும் எடையைக் கணக்கிடுக.
5. நெய்யாற்றிலோ அருகிலுள்ள குளத்திலோ பெரியவர்கள் எவ்வாறு நிலைநீச்சல் அடிக்கின்றனர் என்பதைக் கரையிலிருந்து உற்றுநோக்கி, ஐந்து தொடர்களில் எழுதுக.