தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் எடுப்பது எப்படி?

ஜவுளிக்கடையில் தீபாவளிக் கூட்டம் கடைசி இரண்டு வாரங்களில்தான் நெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பே, போன வருடம் வேலைக்கு வந்தவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்களுக்குக் கடை பழக்கம்.

புதியவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும்: எந்த ரகம் எந்த அடுக்கில் இருக்கிறது, அளவு பார்ப்பது, பிரித்த புடவையை மடிப்பது. பில் போடும் இடத்தில் மட்டும் பழைய ஆளே இருக்கட்டும். அங்கே ஒரு தவறு நேர்ந்தால் வரிசை முழுவதும் நின்றுவிடும். புதியவர் ஒவ்வொன்றுக்கும் சீனியரைத் தேடி ஓடினால், அவருக்குக் கொடுத்த பகுதி பெரிது, குறைத்துக் கொடுங்கள்.

பயிற்சி நாளுக்கும் கூலி கொடுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். ஊழியர்கள் உட்கார இருக்கை தருவதையும் 2021-இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. தீபாவளிக்கு முந்தைய நாளே கணக்கை முடித்துக் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் பண்டிகைதான்.